மணியோசையும் வயிற்றுவலியும்

ஏழாம் வகுப்பில் படிக்கும் சிறுவன் ஒருவன், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தெருவில் ஆடித் திரிந்து, இரவு வயிறாரச் சாப்பிட்டு, நன்றாக உறங்கி எழுந்தபின், திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டு கிடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வைத்தியரிடம் காட்டியாயிற்று, அவர் தொட்டுப் பார்த்தும் சோதனைகள் செய்து பார்த்தும் கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்து முதல் மணி அடித்து, இனி அங்கே போவதற்கில்லை என்று நிச்சயமான பிறகு, பத்தரை மணியளவில் அந்த வலி தானாகவே தணிந்து, பையன் எழுந்து வந்து தயிர்சாதம் கேட்கிறான். செவ்வாய்க்கிழமை வலி இல்லை, புதன்கிழமையும் இல்லை, வியாழக்கிழமை மறுபடியும் வருகிறது. திங்களும் வியாழனும் முதல் பாடவேளை கணக்கு என்பதை அவனுடைய தாயார் கவனிக்கச் சில வாரங்கள் ஆகின்றன. கவனித்ததும் வீட்டிலுள்ளோர் ஒருமுகமாகக் கூறுவது, ‘பையன் பொய் சொல்கிறான்’ என்பதுதான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவன் வயிறு உண்மையாகவே வலிக்கிறது. ஆனால் அது வயிற்றில் பிறந்த நோயும் அன்று. கற்றல் என்று மனோதத்துவ சாஸ்திரம் குறிப்பிடும் நிகழ்ச்சியில் இரண்டு வகை உண்டு. அவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிக்கொண்டு இந்தச் சிறுவனிடத்தே வேலை செய்கின்றன. முதல் வகையைத் தொன்மை ஆக்கநிலையிறுத்தம் என்றும், இரண்டாவதைச் செயல்படு ஆக்கநிலையிறுத்தம் என்றும் நம் பாடநூல்கள் பெயரிட்டு வழங்குகின்றன. பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் இவ்விரண்டையும் தனித்தனி அட்டவணையாக மனப்பாடம் செய்து, வினாத்தாளில் ஓர் உதாரணம் வந்ததும் எது எந்த வகையைச் சேர்ந்தது என்று தடுமாறுவதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். ஆகவே இந்த அத்தியாயத்தில் அட்டவணையை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த ஒரு பையனின் வயிற்றுவலியையே கையில் எடுத்துக்கொண்டு, அதில் முறுக்கியிருக்கும் இரண்டு இழைகளையும் மெல்லப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் இழையைக் கண்டுபிடித்தவர் மனோதத்துவ நிபுணர் அல்லர். ரஷ்யாவில் ரியஸான் என்னும் ஊரில் 1849-ஆம் ஆண்டு ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்த இவான் பாவ்லவ், உடலியலை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டு, உணவு ஜீரணமாகும் முறையை ஆராய்ந்து, அதற்காகவே 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். நாயின் கன்னத்தில் சிறிய சஸ்திர சிகிச்சை செய்து, உமிழ்நீர் சுரப்பியின் குழாய் வாயை வெளிப்புறமாகத் திருப்பி வைத்து, எந்த உணவுக்கு எத்தனை துளி உமிழ்நீர் சுரக்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அப்போது ஓர் இடையூறு நேர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் சில நாட்கள் பழகிய நாய்கள், உணவு வாயில் படுவதற்கு முன்னமேயே, உணவு கொண்டுவரும் ஆளைக் கண்டதும், அவனுடைய காலடி ஓசையைக் கேட்டதும் உமிழ்நீரைச் சுரந்துவிட்டன. கணக்கைக் கெடுக்கும் பிழை என்று தள்ளிவிடத்தக்க இந்த அற்ப விஷயத்தை, பாவ்லவ் தம் வாழ்வின் எஞ்சிய ஆண்டுகளுக்குரிய ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். பாடநூல்களில் அவருடைய மணி பிரசித்தமாகிவிட்டது. ஆனால் சங்கீதக்காரர்கள் தாளம் பழகுவதற்கு வைத்துக்கொள்ளும் மெட்ரோனோம் என்னும் கருவியின் ‘டிக், டிக்’ ஓசையும் அவருடைய கூடத்தில் மிகுதியாகப் பயன்பட்டது.

பரிசோதனையின் கிரமம் எளிது. ஓசையை மட்டும் முதலில் கேட்கச் செய்தால், நாய் காதை நிமிர்த்தித் திரும்பிப் பார்க்கும், உமிழ்நீர் சுரக்காது. உமிழ்நீரைப் பொறுத்தமட்டில் அந்த ஓசை நடுநிலைத் தூண்டல். உணவு வாயில் பட்டால் உமிழ்நீர் சுரப்பது எந்த நாய்க்கும் யாரும் கற்பிக்காத சுபாவம்; ஆகவே உணவு இயற்கைத் தூண்டல், அதனால் சுரக்கும் உமிழ்நீர் இயற்கைத் துலங்கல். இனி, ஓசையைத் தொடங்கிச் சில விநாடிகளுக்குள் உணவைக் கொடுத்து, இந்த ஜோடியைப் பலமுறை திரும்பத் திரும்ப நிகழச் செய்தால், ஒரு கட்டத்தில் உணவே வராமல் ஓசை மட்டும் எழுந்தபோதும் துளிகள் விழத் தொடங்கும். இப்போது ஓசைக்கு ஆக்கநிலையுற்ற தூண்டல் என்று பெயர்; அதற்காகச் சுரக்கும் உமிழ்நீருக்கு ஆக்கநிலையுற்ற துலங்கல் என்று பெயர். மாணவர்கள் இடறி விழும் இடம் இதுவே. நான்கு பெயர்கள் இருப்பதால் நான்கு வெவ்வேறு பொருள்கள் இருக்க வேண்டும் என்று எண்ணித் தேடுகிறார்கள். உண்மையில் உமிழ்நீர் ஒன்றுதான்; எது அதை அழைத்து வந்தது என்பதைப் பார்த்து அதற்குப் பெயர் மாறுகிறது. உணவு அழைத்தால் இயற்கைத் துலங்கல்; ஓசை அழைத்தால் ஆக்கநிலையுற்ற துலங்கல்.

ஓசை உணவுக்குச் சற்று முன்னே வர வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். உணவை முதலில் கொடுத்துவிட்டுப் பின்னால் மணி அடித்தால் கற்றல் நடப்பது அரிது. வரப்போகும் ஒன்றை முன்கூட்டி அறிவிக்கும் தூதன்தான் ஆக்கநிலையுற்ற தூண்டல். விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகு தூதனுக்கு வேலை இல்லை.

இனி நம் சிறுவனின் வகுப்பறைக்குள் செல்வோம். ஆறாம் வகுப்பு முடிய அவனுக்குக் கணக்கென்றால் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஏழாம் வகுப்பில் வந்த கணக்கு ஆசிரியர், யாரேனும் ஒருவன் தவறாக விடை சொன்னதும், கையிலிருந்த பிரம்பால் மேசையின்மேல் ஓங்கி அடித்துக் குரலை உயர்த்தும் வழக்கமுடையவர். எதிர்பாராத பெரிய சத்தம் கேட்டால் உடல் அதிர்வதும், நெஞ்சு படபடப்பதும், வயிறு சுருங்கிப் பிசைவதும் மனிதனுக்கு இயற்கை. கைக்குழந்தையும் அதற்கு விலக்கன்று. அந்த அடி இயற்கைத் தூண்டல்; வயிற்றுப் பிசைவு இயற்கைத் துலங்கல். இந்த அடிக்கு முன்னே தவறாமல் வந்து நிற்பவை எவை? ஆசிரியரின் உருவம், கரும்பலகையில் எழுதப்படும் பின்னங்கள், அந்தப் பாடவேளையைத் தொடங்கிவைக்கும் மணி. சில வாரங்களில் இந்த மூன்றுமே, பிரம்பு மேசையைத் தொடாத நாட்களிலும், வயிற்றைப் பிசையச் செய்துவிடுகின்றன. அவன் ஒருநாளும் அடிபட்டவன் அல்லன் என்பதையும் கவனிக்க வேண்டும். அடி மேசைக்குத்தான், பாடம் கற்றுக்கொண்டது அவனுடைய வயிறு.

பிறகு இது பரவத் தொடங்குகிறது. ஆசிரியரைப்போலவே கனத்த குரலுடைய இன்னோர் ஆசிரியர் வகுப்புக்கு வந்தாலும் சிறிது பிசைகிறது; வீட்டில் கணக்குப் புத்தகத்தின் அட்டையைக் கண்டாலும் பிசைகிறது. ஒத்த தூண்டல்களுக்கெல்லாம் துலங்கல் பரவும் இந்த இயல்பைப் பொதுமைப்படுத்தல் என்கிறோம். ஆனால் ஓவிய வகுப்பில் பிசைவதில்லை. அங்கே ஆபத்து இல்லை என்பதையும் உடல் கற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கு வேறுபடுத்தி அறிதல் என்று பெயர். செவ்வாயும் புதனும் வலி வராமைக்கும் இதுவே காரணம். வயிறும் நெஞ்சும் நம் சித்தத்துக்குக் கட்டுப்பட்டு இயங்கும் உறுப்புகள் அல்ல. தானியங்கு நரம்பு மண்டலம் அவற்றை நடத்துகிறது. ஆகையால், ‘எதற்கடா பயப்படுகிறாய், பயப்படாதே’ என்று தகப்பனார் எத்தனை முறை கூறினாலும், சொல் காதில் விழுமேயன்றி வயிற்றுக்கு எட்டாது.

அச்சம் இவ்வாறு கற்பிக்கப்படக்கூடியது என்பதை 1920-இல் ஜான் வாட்ஸன், ரோஸலி ரேனர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவரும் ஏறத்தாழ 11 மாதக் குழந்தை ஒன்றினிடத்துக் காட்டினார்கள். வெள்ளெலியைக் கண்டு முதலில் சிறிதும் அஞ்சாத அந்தக் குழந்தை அதைத் தொடப் போகும்போதெல்லாம், அதன் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து ஓசை எழுப்பினார்கள். பிறகு ஓசையே இல்லாமல் எலியைக் கண்டதும் குழந்தை அழுதது. முயலுக்கும் நாய்க்கும்கூட அஞ்சியது. அந்த அச்சத்தை நீக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். இந்தப் பரிசோதனையைப் பாடநூல்கள் எந்த மனக்கிலேசமும் இன்றி எடுத்தெழுதுகின்றன. அது செய்யத்தகாத காரியம் என்பதையும் மாணவர்கள் சேர்த்தே படிக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் கழித்து மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி, முயலுக்கு அஞ்சிய ஒரு சிறு குழந்தையின் அச்சத்தைப் போக்கிக் காட்டினார். அவர் கையாண்ட வழிக்குப் பின்னால் வருகிறேன். நம் பையனுக்கு அதுதான் தேவை.

இதுவரை பார்த்தது முதல் இழை. அதைக்கொண்டு திங்கட்கிழமை காலையில் வயிறு ஏன் வலிக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த வலி மாதங்கள் கடந்தும் ஏன் குறையவில்லை, ஏன் முனகல் வாரத்துக்கு வாரம் பெரிதாகிறது என்பதற்கு அதில் விடை இல்லை. அதற்கு இரண்டாவது இழையைத் தொட வேண்டும்.

1898-இல் எட்வர்ட் தார்ண்டைக் என்னும் அமெரிக்கர், பசித்த பூனைகளைக் கூண்டுக்குள் அடைத்து, வெளியே மீன் துண்டை வைத்தார். உள்ளே இருக்கும் கயிற்றையோ நெம்புகோலையோ இயக்கினால் கதவு திறக்கும். பூனை முதலில் பிராண்டியும் கடித்தும் மூலைக்கு மூலை ஓடியும் பார்த்து, தற்செயலாகக் கயிற்றை இழுத்து வெளியே வந்தது. மறுபடி மறுபடி அடைத்தபோது வீண் அசைவுகள் குறைந்து, கயிற்றை இழுக்கும் நேரம் சுருங்கியது. திருப்தியான விளைவைத் தரும் செயல் அந்தச் சூழ்நிலையில் வேரூன்றும், தராத செயல் உதிரும் என்பதை அவர் விளைவு விதி என்று வகுத்தார். அதன்மேல் பெரிய கட்டடத்தை எழுப்பியவர் பி. எஃப். ஸ்கின்னர். அவருடைய பெட்டியில் எலி ஒன்று சுற்றித் திரியும், சுவரில் உள்ள நெம்புகோலை அது அழுத்தினால் உணவு உருண்டை ஒன்று தட்டில் விழும், அழுத்தாவிட்டால் விழாது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இரு வகைகளுக்குமுள்ள வேற்றுமை முழுவதும் அடங்கியிருக்கிறது. பாவ்லவின் நாய் வாலை ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும், நின்றாலும் படுத்தாலும், ஓசைக்குப்பின் உணவு வந்தே தீரும். அங்கே உணவு ஓசையைத் தொடர்கிறது. ஸ்கின்னரின் எலிக்கோ அது செய்யும் காரியத்தைத் தொடர்ந்துதான் உணவு வருகிறது. ஆகவே வினாத்தாளில் எந்த உதாரணத்தைக் கண்டாலும் மாணவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: இந்தப் பிள்ளை ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் அந்த விளைவு வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் தொன்மை ஆக்கநிலையிறுத்தம். வந்திராது என்றால் செயல்படு ஆக்கநிலையிறுத்தம். பிரம்பு மேசையில் விழுவதற்கு நம் பையன் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் வீட்டிலேயே இருக்க அனுமதி கிடைப்பதற்கு அவன் முனக வேண்டும்.

அந்த முனகலைக் கூர்ந்து பார்ப்போம். முதல் நாள் அவன் உண்மையான வலியால், ‘அம்மா, வயிறு வலிக்குதும்மா’ என்று சொன்னான். தாயார் நெற்றியில் கையை வைத்துப் பார்த்து, ‘சரி கண்ணா, இன்னிக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டாம், படுத்துக்கோ’ என்றார். அந்தச் சொல் வாயிலிருந்து வந்த கணத்தில் அவனுடைய நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கியது. ஒரு செயலுக்குப்பின் துன்பம் ஒன்று நீங்கி, அதனால் அந்தச் செயல் மேலும் வலுப்படுமாயின் அதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். நேர்மறை, எதிர்மறை என்னும் சொற்களை நல்லது, கெட்டது என்று பொருள் கொள்வதால்தான் பரீட்சையில் பெரும்பாலோர் இதைத் தண்டனை என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். அவை கூட்டல் குறியும் கழித்தல் குறியும் மட்டுமே. ஏதேனும் ஒன்று வந்து சேர்ந்தால் கூட்டல். இருந்த ஒன்று விலகினால் கழித்தல். வலுவூட்டல் என்ற சொல் இருக்கும் இடத்தில் செயல் எப்போதும் கூடும். தண்டனை என்ற சொல் இருக்கும் இடத்தில் செயல் எப்போதும் குறையும். பாடத்தை முடித்த பையனுக்கு அப்பா மாங்காய்த் துண்டு கொடுத்து, அதனால் அவன் மறுநாளும் முடித்தால், வந்து சேர்ந்ததால் நேர்மறை வலுவூட்டல். தங்கையை அடித்தவனின் மிதிவண்டியை ஒரு வாரம் பூட்டிவைத்து, அதனால் அடிப்பது குறைந்தால், விலகியதால் எதிர்மறைத் தண்டனை.

‘அதனால் கூடியது’, ‘அதனால் குறைந்தது’ என்று நான் விடாமல் எழுதுவது பழக்க தோஷத்தால் அன்று. வலுவூட்டுகிறவரின் நோக்கம் என்ன என்பது இங்கே கணக்கில் வருவதே இல்லை. விளைவு ஒன்றே அளவுகோல். கடைசி வரிசையில் அமர்ந்து சேஷ்டை செய்யும் பையனை ஆசிரியர் பெயர் சொல்லிக் கடிந்துகொள்கிறார். வகுப்பு முழுவதும் திரும்பி அவனைப் பார்க்கிறது. மறுநாள் சேஷ்டை இரட்டிப்பாகிறது. ஆசிரியர் தாம் தண்டனை கொடுத்ததாக எண்ணுகிறார். வேறு யாராலும் கவனிக்கப்படாத அந்தப் பிள்ளைக்கோ அந்தக் கடிதலே வலுவூட்டி.

இப்போது இரண்டு இழைகளும் எப்படி முறுக்கிக்கொள்கின்றன என்று காணலாம். அச்சத்தை உண்டாக்கியது முதல் இழை. அதைக் காப்பாற்றி வைத்திருப்பது இரண்டாவது. 1947-இல் ஓர்வல் மௌரர் என்பவர் இந்தக் கருத்தை விளக்கியுரைத்தார். மணியோசை கேட்டும் உணவு வராமலே பலமுறை போனால், பாவ்லவின் நாய் மெல்ல மெல்ல உமிழ்நீர் சுரப்பதை விட்டுவிடும். அதற்கு மறைந்துபோதல் என்று பெயர். நம் பையனுடைய அச்சமும் அவ்வாறே மறைந்துபோக வேண்டுமானால், அவன் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்து, பிரம்போசை எழாமலேயே பாடவேளை முடிவதைப் பலமுறை அனுபவிக்க வேண்டும். ஆனால் அவன்தான் வகுப்புக்கே போவதில்லையே! பழைய ஆசிரியர் வேறூருக்கு மாற்றலாகிப் போய், மிகவும் சாந்தமான ஒருவர் அந்த இடத்துக்கு வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த நல்ல செய்தி பையனின் அறிவுக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது. வயிறு அதைத் தெரிந்துகொள்வதற்குரிய ஒரே இடத்திலிருந்து அவன் ஒவ்வொரு வாரமும் தப்பி ஓடுகிறான். ஓடும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நிம்மதி, அடுத்த ஓட்டத்தை வலுவாக்குகிறது.

தாயாரிடத்தும் இதே விதி வேலை செய்கிறது. பிள்ளையின் முனகல் அவருக்குத் தாங்கவொண்ணாத வேதனை. ‘போக வேண்டாம்’ என்று சொன்னதும் முனகல் நிற்கிறது. ஆகவே அவருடைய விட்டுக்கொடுத்தலும் எதிர்மறை வலுவூட்டல் பெறுகிறது. ஒருவரையொருவர் அறியாமலேயே தாயும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் ஆசிரியர்களாகிவிடுகிறார்கள்.

பிறகு ஒருநாள் வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசி, இனிமேல் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்கிறார்கள். முதல் திங்களன்று முனகல் கேட்டும் அனுப்பிவிடுகிறார்கள். வியாழனன்று முனகல் அழுகையாகிறது, அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த திங்களன்று அழுகை அலறலாகி, வாந்தியும் வருகிறது; தாயாரின் மனம் இளகிவிடுகிறது. இது மிகவும் அபாயகரமான இடம். வலுவூட்டல் நின்ற தொடக்கத்தில் செயல் குறைவதற்குப் பதிலாக ஒரு சமயம் பொங்கி எழும். நாணயத்தைப் போட்டும் சீட்டு வராத எடைபார்க்கும் இயந்திரத்தை நாம் ஓங்கித் தட்டுவதில்லையா, அதுபோல. அந்தப் பொங்குதலின் உச்சியில் விட்டுக்கொடுத்தால், முனகலுக்குப் பதிலாக அலறலுக்கு வலுவூட்டியதாகிறது. அதோடு நிற்பதில்லை. எப்போதும் கிடைத்துவந்த வலுவூட்டல் இப்போது எப்போதாவது கிடைக்கும் ஒன்றாக மாறிவிடுகிறது.

எப்போதாவது கிடைப்பதன் வலிமையை ஸ்கின்னர் கண்டறிந்த விதம் சுவையானது. உணவு உருண்டைகளை அவரே கையால் செய்துகொண்டிருந்த காலம். ஒரு சனிக்கிழமை, இருப்பு தீர்ந்துவிடும் போலிருக்கவே, எலியின் ஒவ்வோர் அழுத்தலுக்கும் உருண்டை கொடுக்காமல் நிமிஷத்துக்கு ஒன்று மட்டும் கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தார். எலி சோர்ந்து விட்டுவிடவில்லை. ஒரே சீராக அழுத்திக்கொண்டே இருந்தது. இவ்வாறு விட்டு விட்டு வலுவூட்டப்பட்ட செயல், வலுவூட்டல் அறவே நின்ற பிறகும், இடைவிடாமல் வலுவூட்டப்பட்ட செயலைவிட நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் என்பது பல பரிசோதனைகளில் கண்ட முடிபு. நான்கு முறை மறுத்து ஐந்தாம் முறை இணங்கும் பெற்றோர், உறுதியைக் கற்பிப்பதாக எண்ணிக்கொண்டு, பிடிவாதத்தைக் கற்பிக்கிறார்கள்.

அப்படியானால் அந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் வகுப்பில் தள்ளிவிட வேண்டியதுதானா? கூடாது. பிசையும் வயிற்றோடு அவனை அங்கே உட்காரவைத்து, மறுபடியும் ஒரு பிரம்போசை கேட்டுவிட்டால், முதல் இழை முன்னிலும் இறுகிவிடும். இரண்டு இழைகளையும் ஒரே சமயத்தில் தளர்த்த வேண்டும். முதலில் தளர்த்த வேண்டியது பள்ளியில். பிரம்பு வகுப்பறையை விட்டு வெளியேற வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்திருக்கிறது. சட்டத்துக்காக மட்டும் அன்றி, கணக்குக்காகவும் அது வெளியேற வேண்டும். பிரம்பு அந்தந்த நேரத்துச் சத்தத்தை அடக்குவது மெய்தான். ஆனால் அதே கணத்தில் அது பாவ்லவின் வழியாகக் கரும்பலகையையும் புத்தகத்தையும் ஆசிரியரையும் அச்சத்தோடு பிணைத்துவிடுகிறது. அந்த இரண்டாவது பாடத்தை யாரும் கற்பிக்க எண்ணியதில்லை, ஆயினும் அதுவே நிலைத்து நிற்கிறது.

அடுத்தது மேரி கவர் ஜோன்ஸின் வழி. முயலுக்கு அஞ்சிய குழந்தையை அவர் நாற்காலியில் உட்காரவைத்து, அதற்குப் பிரியமான தின்பண்டத்தைக் கொடுத்து, அது மகிழ்ச்சியாகத் தின்றுகொண்டிருக்கும்போது, கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் கொண்டுவந்து வைத்தார். குழந்தை கலங்காத எல்லைவரை மட்டுமே, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே நகர்த்தினார். முடிவில் குழந்தை முயலைத் தடவிக்கொடுத்தது. நம் பையனுக்கு இதைப் பிரயோகித்தால், முதல் சில நாட்கள் பிடித்தமான நண்பனோடு நூலக அறையில் உட்கார்ந்து எளிய கணக்குகளைப் போடலாம். பிறகு கணக்கு வேளையின் கடைசிப் பத்து நிமிஷம் வகுப்பில், வாயிலுக்கு அருகே உட்காரலாம். பிறகு பாதி வேளை. பிறகு முழு வேளை. ஒரு படியில் வயிறு அமைதியாக இருந்தால்தான் அடுத்த படி. வயிறு பிசைந்தால் அவசரப்பட்டோம் என்று அறிந்து ஒரு படி கீழே இறங்க வேண்டும். இந்தப் படிகளை ஏறும்போது வீட்டிலும் ஒழுங்கு மாற வேண்டும். வலி என்று சொன்னால் வைத்தியர் ஒருமுறை பார்த்து உடல்நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகு, வீட்டில் தங்கும் நாள் கொண்டாட்ட நாளாக இருக்கக்கூடாது; தொலைக்காட்சியும் பலகாரமும் இன்றி அது சாதுவாகக் கழிய வேண்டும். ஏறிய படி ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கே, அந்த வாசலிலேயே, ஒரு நல்ல வார்த்தை கிடைக்க வேண்டும். இறுதி இலக்கை நோக்கிய சிறு முன்னேற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாக வலுவூட்டிச் செல்லும் இந்த முறைக்கு வடிவமைத்தல் என்று பெயர்.

‘அன்றைக்கே’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். 1953-இல் ஸ்கின்னர் தம் மகளின் பள்ளிக்குப் போய்க் கணக்கு வகுப்பில் அமர்ந்து பார்த்தபோது, தாம் போட்ட கணக்கு சரியா தவறா என்று தெரியாமலேயே பிள்ளைகள் காத்திருப்பதைக் கண்டு மனம் நொந்தார். ஒவ்வொரு விடைக்கும் உடனே பயன் தெரிவிக்கும் கற்பிக்கும் இயந்திரத்தை அவர் அமைக்கப் புறப்பட்டதற்கு அதுவே காரணம். திருத்திய விடைத்தாள் ஒரு மாதம் கழித்து வருமானால், அதிலுள்ள பாராட்டு எந்தச் செயலையும் போய்ச் சேருவதில்லை.

சில வாரங்களில் பையன் தேறிவிட்டான், வலி நின்றுவிட்டது. காலாண்டு விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை, பாயிலிருந்து எழுந்ததும் வயிறு மறுபடி பிசைகிறது. செய்ததெல்லாம் வீணாயிற்று என்று வீட்டார் கலங்குவார்கள். பாவ்லவின் நாய்களிடமும் இதுவேதான் நடந்தது. மறைந்துபோன துலங்கல், சிறிது ஓய்வுக்குப்பின் தூண்டலை மறுபடி கொடுத்ததும், முன்னைவிடக் குறைந்த அளவில் தலைகாட்டியது. இதற்குத் தன்னியல்பு மீட்சி என்று பெயர். மறைந்துபோதல் என்பது பழைய கற்றலை அழித்துவிடுவதன்று. அதன்மேல் புதிய கற்றலைப் போர்த்துவதே என்பதற்கு இது சான்று. அன்று பையனை வழக்கம்போல் அனுப்பி, அன்றும் வகுப்பு அமைதியாகக் கழிந்தால், இந்த மீட்சி விரைவில் அடங்கிவிடும்.

ஒரு வரம்பையும் சொல்லாமல் விட்டால் தவறாகும். எதையும் எதனோடும் இப்படிப் பிணைத்துவிடலாம் என்று பாவ்லவின் காலத்தில் எண்ணினார்கள், அது சரியன்று. ஜான் கார்சியாவும் ராபர்ட் கோலிங்கும் 1966-இல் வெளியிட்ட பரிசோதனையில், உடலுக்குக் குமட்டல் ஏற்பட்ட எலிகள் குடித்த நீரின் சுவையை வெறுத்தனவேயன்றி, அப்போது எழுந்த ஓசையையும் ஒளியையும் வெறுக்கவில்லை. மின்னதிர்ச்சி பெற்ற எலிகளோ ஓசையையும் ஒளியையும் வெறுத்தனவேயன்றிச் சுவையை வெறுக்கவில்லை. கலியாண விருந்தில் சாப்பிட்ட இறால் தொக்கு ஒத்துக்கொள்ளாமல் இரவெல்லாம் வாந்தியெடுத்தவர், மறுபடி இறாலை முகர்ந்தாலே முகத்தைச் சுளிக்கிறார். பந்தியில் வாசித்த நாகஸ்வரத்தை அவர் வெறுப்பதில்லை. ஒரே ஒருமுறை, அதுவும் சில மணி நேர இடைவெளியில் நிகழ்ந்தும், சுவை குமட்டலோடு ஒட்டிக்கொள்கிறது.

இனிப் புத்தகத்தை மூடிவிட்டு, பரீட்சையில் கேட்கத்தக்க ஒரு காட்சியை நீங்களே பிரித்துப் பாருங்கள். கடைத்தெருவில் ஐந்து வயதுக் குழந்தை மிட்டாய்க்காகத் தரையில் புரண்டு அழுகிறது, சுற்றியிருப்போர் பார்க்கிறார்கள், தகப்பனார் கூசிப்போய் மிட்டாய் வாங்கித் தருகிறார், அழுகை நிற்கிறது. அடுத்த வாரமும் இதுவே நடக்கிறது. சில வாரங்களில், கடைத்தெருத் திருப்பம் கண்ணில் பட்டதுமே தகப்பனாரின் உள்ளங்கை வியர்க்கத் தொடங்குகிறது. குழந்தையின் அழுகைக்கு மிட்டாய் வந்து சேர்ந்தது. அது நேர்மறை வலுவூட்டல். தகப்பனார் வாங்கித் தந்ததற்கு அழுகை விலகியது. அது எதிர்மறை வலுவூட்டல். திருப்பத்தைக் கண்டு வியர்த்த கைக்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. அது தொன்மை ஆக்கநிலையிறுத்தம், திருப்பம் ஆக்கநிலையுற்ற தூண்டல், வியர்வை ஆக்கநிலையுற்ற துலங்கல். இந்த மூன்றையும் காரணத்தோடு பிரித்து எழுதும் மாணவனுக்கு இந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.